சின்னவங்க, பெரியவங்க சேர்ந்து பாடுற பஜனைக் குழுவுக்குப் பேரும் முழக்க வரியும் வைக்கிறது எப்படி: குன்னூர் பக்கம் நாங்க பண்ணின முறை

குன்னூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட் லைன்ல, அதாவது தொழிலாளர் வீடுங்க வரிசையா இருக்கிற இடத்துல, இருக்கிற மாரியம்மன் கோயில்ல நாங்க 19 பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாட ஆரம்பிச்சோம். கடைசிக் குட்டிக்கு 7 வயசு, மூத்த பாட்டிக்கு 74. பாட்டு ஒரு மாசத்துல பிடிபட்டுச்சு, பேர் வைக்கத்தான் ரெண்டு மாசம் ஆச்சு. அந்த ரெண்டு மாசத்துல எங்களுக்குப் புரிஞ்ச ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது. குழுவோட பேரைச் சொல்லப்போறது நாம இல்ல, மத்தவங்க. மைக்ல அறிவிக்கிறவர், நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்காரர், போன்ல "எந்தக் குழு?"னு கேக்கிற கோயில் கமிட்டிக்காரர். ஆனா முழக்க வரியைச் சொல்லப்போறது நாமதான், ஒவ்வொரு வாரமும், எல்லாரும் சேர்ந்து. அதனால ரெண்டுக்கும் சோதனை வேற வேற. பேரை வெளியாளோட வாயிலயும் காதுலயும் வச்சுப் பாக்கணும், வரியை நம்ம குழுவுல மூச்சு குறைஞ்சவங்க வாயில வச்சுப் பாக்கணும். நிறைய பேர் இதை மாத்திச் செஞ்சிடறாங்க, பேரை நீளமா அர்த்தம் பொதிஞ்சதா வச்சுட்டு வரியை எங்கயோ பேனர்ல மட்டும் போட்டு மறந்துடறாங்க.

முதல் படி: பேரைப் பேசறதுக்கு முன்னாடி மூணு கேள்வி

என்ன பாடுவோம், எங்க பாடுவோம், யார் சேரலாம். இது மூணையும் ஒரு நோட்டுல எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரே வரி போதும். எங்களுது இப்படி இருந்துச்சு: அம்மன் பாட்டு அதிகம், முருகன், ஐயப்பன், கண்ணன் பாட்டும் உண்டு, எங்க கோயில்ல ஆரம்பிச்சோம் ஆனா சுத்துப்பட்டு லைன்ல எங்க கூப்பிட்டாலும் போவோம், எந்த வயசும், எந்த மொழி வீடும் சேரலாம். கடைசி வரி இங்க ரொம்ப முக்கியம். எங்க லைன்ல சிலோன்ல இருந்து திரும்பி வந்த குடும்பங்க இருக்கு, படுகர் வீட்டு அக்கா ஒருத்தங்க ஆர்மோனியம் வாசிக்கிறாங்க, மலையாளம் பேசுற வீட்டுல இருந்து ரெண்டு பேர் வர்றாங்க.

இந்த மூணு வரி இருந்தாலே பாதி சண்டை வராது. ஒருத்தர் "மாரியம்மன் பக்தர் குழு"ன்னு வைக்கலாம்னு சொன்னப்போ நோட்டைக் காட்டினோம், ஐயப்பன் பாட்டும் பாடுறோம், வேற லைனுக்கும் போறோம்னு அவரே ஒத்துக்கிட்டார். கோயில் பேரைக் குழுப் பேருக்குள்ள வைக்கிறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு, நான் அனுபவிச்சது. நான் முன்னாடி பாடின குழு ஒரு கோயில் பேர்லயே இருந்துச்சு, அந்தக் கோயில் கமிட்டிக்குள்ள பிரச்சனை வந்து ரெண்டாப் பிரிஞ்சப்போ "எங்க சாமி பேரை நீங்க எப்படிப் போடலாம்"னு ஒரு பக்கம் கேட்டாங்க. பாட்டுக்கும் அந்தத் தகராறுக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பேனரையும் மாத்தி நோட்டீஸையும் மாத்தி, கடைசில நாலு பேர் வர்றதையே விட்டுட்டாங்க. அதுல இருந்து நான் கோயில் பேர், நிறுவினவர் பேர் ரெண்டுக்கும் வேண்டாம்தான் சொல்வேன்.

ரெண்டாவது படி: சீட்டு எழுதி வாங்குங்க, கை தூக்கச் சொல்லாதீங்க

வயசு கலந்த குழுவுல வட்டமா உக்காந்து "பேர் சொல்லுங்க"ன்னா என்ன நடக்கும்னா, முதல்ல ஒரு பெரியவர் சொல்வாரு, அடுத்து நாலு பேர் "ஆமா நல்லாருக்கு"ம்பாங்க, பசங்க வாயே தொறக்க மாட்டாங்க. அதனால ஆளுக்கு ரெண்டு துண்டுச் சீட்டு கொடுத்து, ஒரு வாரம் டைம் கொடுத்து, எழுதினது யாருன்னு போடாம ஒரு சில்வர் டப்பாவுல போடச் சொன்னோம். எழுத வராத பாட்டிக்குப் பேத்தி எழுதிக் கொடுத்தா. அடுத்த ஞாயிறு பசங்களே டப்பாவைத் தொறந்து ஒவ்வொண்ணாச் சத்தமாப் படிச்சாங்க, இதுக்கு ஒரு காரணம் இருக்கு: ஒரு பேரை 9 வயசுப் பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறிப் படிச்சா அங்கயே தெரிஞ்சிடும் அது நோட்டீஸ்லயும் தடுமாறும்னு. "ஸ்ரீ மாரியம்மன் திவ்யநாம சங்கீர்த்தன மண்டலி"ன்னு ஒரு சீட்டு வந்துச்சு, அந்தப் பையன் மூணு தடவை நிறுத்தி நிறுத்திப் படிச்சான், எழுதினவரே "சரி விடுப்பா"ன்னுட்டார்.

ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்ததையெல்லாம் எடுத்துட்டுப் பாத்தா 27 பேர் மிச்சம்.

மூணாவது படி: கழிக்கிறது

இங்கதான் நிதானம் வேணும். எதைக் கழிக்கிறோம்னு காரணத்தைச் சொல்லிக் கழிங்க, "நல்லால்ல"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அது எழுதினவங்க மனசைக் காயப்படுத்தும்.

முதல்ல வயசைச் சொல்ற பேர். "இளந்தளிர்", "இளைஞர் பஜனை", "மகளிர்" இந்த மாதிரி வார்த்தை இருந்தா ஒரு பகுதி ஆளுங்க முதல் நாள்லயே விருந்தாளி ஆயிடறாங்க. "மூன்று தலைமுறை"ன்னு ஒண்ணு வந்துச்சு, அது எல்லாரையும் சேர்த்துக்குதுதான், ஆனா கேக்கிறப்போ பலகாரக் கடை பேர் மாதிரி இருந்துச்சு, விட்டுட்டோம்.

அடுத்து, நம்ம ஊர்ல வேற அர்த்தம் ஏற்கனவே ஏறிப்போன வார்த்தை. டீ எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற கணக்கே ரெண்டு இலை ஒரு கொழுந்து, அதை வச்சு ஒரு அண்ணன் "ஈரிலைத் தளிர்"னு அழகா எழுதியிருந்தார். பெரிசும் சின்னதும் ஒரே காம்புல இருக்குன்னு நல்ல அர்த்தம். ஆனா தமிழ்நாட்டுல ரெண்டு இலைன்னாலே கட்சிச் சின்னம்தான் ஞாபகம் வரும், தேர்தல் சமயத்துல அந்தப் பேர் போட்ட பேனரைக் கட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. சூரியன், தாமரை, கை எல்லாத்துக்கும் இதே நிலைமைதான், "உதயம்"னு தொடங்குற பேரைக்கூட ஒரு தடவை யோசிங்க. அப்புறம் "குறிஞ்சி". மலையில இருக்கிறவங்களுக்கு முதல்ல தோணுற பேர், எங்களுக்கே நாலு சீட்டுல வந்துச்சு. ஆனா எங்க பாத்தாலும் குறிஞ்சி லாட்ஜ், குறிஞ்சி பேக்கரி, குறிஞ்சி மகளிர் குழு. பாட்டி இன்னொண்ணும் கேட்டாங்க, "அது 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்கிறது, நாம வாராவாரம் பாடப்போறோம்ல?"னு. அதுக்கு மேல யாரும் பேசல.

மூணாவதா, ஏற்கனவே யாராவது வச்சிருக்காங்களான்னு பாக்கணும். யூடியூப்ல, பேஸ்புக்ல தேடறது சரிதான், ஆனா அதைவிட முக்கியம் பக்கத்து ஊர்க் கோயில்களோட போன வருஷ மார்கழி நோட்டீஸ், திருவிழா நோட்டீஸ். பல பஜனைக் குழு இணையத்துல இருக்கவே இருக்காது, ஆனா நோட்டீஸ்ல "மாலை 6 மணி, இன்னார் குழுவினரின் பஜனை"ன்னு இருக்கும். நாலஞ்சு கோயில் நோட்டீஸ் வாங்கிப் பாத்ததுலயே எங்களுது ஆறு பேர் போயிடுச்சு. பின்னாடி குழுவைச் சங்கமாப் பதிவு பண்ற எண்ணம் இருந்தா இது இன்னும் முக்கியம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி குறைஞ்சது 7 பேர் வேணும், ஏற்கனவே பதிவான பேரை மாதிரியே இருந்தா ஏத்துக்க மாட்டாங்க. சும்மா வாராவாரம் பாடறதுக்குப் பதிவெல்லாம் தேவையில்ல.

நாலாவது படி: பின்னாடி ஒட்டுற சொல்

குழு, மண்டலி, சபை, மன்றம், கோஷ்டி எல்லாம் ஒண்ணுதானேன்னு நினைக்காதீங்க, கேக்கிறவங்க காதுல ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி விழும். "மண்டலி"ன்னா சம்பிரதாய பஜனை, மராட்டி அபங்கம் எல்லாம் பாடறவங்கன்னு எதிர்பார்ப்பாங்க. "சபை"ன்னா எங்க பக்கம் கிறிஸ்தவ சர்ச்னு நினைச்சு "எந்த சபைங்க?"ன்னுதான் கேப்பாங்க. "மன்றம்"னா மேல்மருவத்தூர் வார வழிபாட்டு மன்றம், இல்லேன்னா ரசிகர் மன்றம். "இசைக்குழு"ன்னா கல்யாணத்துக்கு வர்ற ஆர்க்கெஸ்ட்ரா, நாங்க அந்தச் சொல்லோட ஒரு வாரம் இருந்து பாத்தோம், ஒருத்தர் சினிமாப் பாட்டுக்கு ரேட் கேட்டே போன் பண்ணிட்டார். வெறும் "குழு"ன்னா லோன் குடுக்கிற மகளிர் சுயஉதவிக் குழு, லைன்ல "குழு மீட்டிங்"னாலே அதுதான். அதனால "பஜனைக் குழு"ன்னு முழுசா, எப்பவும் ரெண்டு சொல்லாத்தான் சொல்லணும்னு முடிவு பண்ணினோம். நடுவுல க் வரும், "பஜனை குழு" இல்ல "பஜனைக் குழு". நீங்க திருப்புகழ் மட்டும் பாடறதா இருந்து சபைன்னு வச்சா "திருப்புகழ்ச் சபை", தமிழ்ச் சங்கத்துக்கு வர்ற அதே ச். ஒருதடவை தப்பா அடிச்சு பேனர் வந்துட்டா அதுவே அஞ்சு வருஷம் தொங்கும்.

அஞ்சாவது படி: மைக், போன், பேனர்

கழிச்சுக் கழிச்சு எங்களுக்கு மூணு மிஞ்சுச்சு: அருள்மழை, பனிமலர், மலைக்கொழுந்து. மூணையும் இப்படிச் சோதிச்சோம்.

மைக் சோதனை ரொம்ப சுலபம். கோயில் மைக்கைப் போட்டு, குழுவுல இல்லாத ஒருத்தர்கிட்ட சீட்டைக் கொடுத்து "அடுத்ததாக இன்னார் பஜனைக் குழுவினர்"னு வேகமா அறிவிக்கச் சொல்லுங்க, நீங்க கோயிலுக்கு வெளிய, நல்ல தூரத்துல நில்லுங்க. "பனிமலர்" எங்களுக்குத் தூரத்துல சரியா விழவே இல்ல, ஏதோ பேப்பர் பேர் மாதிரி கேட்டுச்சு.

போன் சோதனைதான் நிறைய சொல்லும். மேட்டுப்பாளையத்துல இருக்கிற எங்க அண்ணிக்குப் போன் போட்டு, பேரை ஒரே ஒரு தடவை சொல்லி, கேட்டதை அப்படியே பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னோம். எங்க பக்கம் பனி எறங்கினா சிக்னல் எப்படியிருக்கும்னு மலையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். "அருள்மழை"ன்னு சொன்னதை அண்ணி "அருள்மலை"ன்னு எழுதியிருந்தாங்க. அவங்க தப்பே இல்ல, மலையில இருந்து பேசினா யாரும் மலைன்னுதான் நினைப்பாங்க. மழை, மலை ரெண்டும் குழம்புற இடத்துல இருக்கிறவங்க அந்தச் சொல்லைத் தவிர்க்கிறதே நல்லது. "மலைக்கொழுந்து"ன்னு சொன்னதை "மலைக்கொளுந்து"ன்னு எழுதியிருந்தாங்க. எழுத்து தப்பு, ஆனா என்ன சொல்னு சரியாப் புரிஞ்சிருக்கு, யாரும் வேற பேரா எடுத்துக்க மாட்டாங்க. இந்த வித்தியாசம்தான் பாக்கணும்: எழுத்து மாறினாப் பரவாயில்ல, பேரே மாறிடக் கூடாது.

இதுல ஒரு ஆட்சேபம் வந்துச்சு, நியாயமானது. கொழுந்துன்னா சின்னவங்க மட்டும்தானே, முத்தின இலையைக் கழிச்சிடுவாங்களே, அப்ப பெரியவங்க?ன்னு ஒரு மாமா கேட்டார். அதுக்கு 30 வருஷம் கொழுந்து பறிச்ச அந்த 74 வயசுப் பாட்டிதான் பதில் சொன்னாங்க, ரெண்டு விரலை நுனியில வச்சுக் கிள்ளுற மாதிரிக் காட்டி, "ரெண்டு இலையோட சேத்துக் கிள்ளினாத்தான் அதுக்குப் பேரு கொழுந்து, தனி மொட்டை யாரும் தராசுல போடறதில்ல தம்பி." லைன்ல சாயங்காலம் "கொழுந்து நிறுக்கப் போறேன்"னு சொல்றது அந்தக் கூடை முழுசையும்தானே. இன்னொருத்தர், மலைக்கொழுந்தீஸ்வரர்னு சிவனுக்கே பேர் இருக்கு, அதனால சாமிக்கும் பொருந்துதுன்னார். அங்கயே முடிவாயிடுச்சு. இருந்தாலும் உடனே அறிவிக்காம ரெண்டு வாரம் பயிற்சியில அந்தப் பேரையே சொல்லிப் பழகினோம், யாருக்காவது உறுத்துதான்னு பாக்க. உறுத்தல.

பேனர் சோதனையும் பண்ணுங்க. பிரிண்ட் கடைல பல பேர் யூனிகோட் இல்லாத பழைய எழுத்துரு வச்சிருப்பாங்க, வாட்சப்ல நீங்க அனுப்புற எழுத்தை ஒட்டினா கொம்பும் காலும் கலைஞ்சிடும். "கொ" மாதிரி எழுத்துல ஒத்தைக் கொம்பு முன்னாடி, கால் பின்னாடி வரும், அதுல ஏதாவது ஒண்ணு தவறிப்போயி "கெழுந்து"ன்னு வந்ததை நானே பாத்தேன். அதனால பேரைப் பெருசா ஒரு வெள்ளைத்தாள்ல கையால எழுதி போட்டோவா அனுப்புங்க, அச்சுக்கு முன்னாடி மாதிரியை வாங்கி, தமிழ் நல்லாப் படிக்கிற ஒரு பிள்ளையை எழுத்தெழுத்தாப் படிக்கச் சொல்லுங்க. எங்க மாவட்டத்துல பிளாஸ்டிக் கட்டுப்பாடு இருக்கு, நாங்க துணி பேனர்தான் எழுதினோம், அதுல பெயின்டரே கையால எழுதறதால இந்தப் பிரச்சனை குறைவு. யூடியூப்ல ஆங்கில எழுத்துல எப்படி எழுதறதுன்னும் அன்னிக்கே முடிவு பண்ணிடுங்க. நாங்க Malaikozhundhu ன்னு வச்சோம், வேற யாரும் வேற மாதிரி எழுதக் கூடாதுன்னு நோட்டுல எழுதியாச்சு.

ஆறாவது படி: முழக்க வரி

பஜனையில ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தர் "வெற்றிவேல் முருகனுக்கு"ம்பார், எல்லாரும் "அரோகரா"ம்பாங்க. அந்த அமைப்பையே எடுத்துக்குங்க. ஒருத்தர் முதல் பாதியைச் சொல்லணும், மத்தவங்க ரெண்டாம் பாதியை. வயசு கலந்த குழுவுக்கு இதுதான் பொருத்தம், ஏன்னா முதல் பாதியைப் பெரியவங்களும் ரெண்டாம் பாதியைப் பசங்களும் சொல்லலாம், வாரம் மாத்தி வாரம் மாத்திக்கலாம்.

எங்களுக்கு முதல்ல வந்தது "பக்தியே சக்தி, ஒற்றுமையே பலம்" மாதிரி வரிங்க. பேப்பர்ல படிக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கூட்டமாச் சொல்லிப் பாத்தா "பலம்"னு ம்-ல வாய் மூடிடுது, சத்தம் அங்கயே நின்னுடுது. அரோகரா ஏன் அவ்வளவு தூரம் கேக்குதுன்னா கடைசி ஆ-ல வாய் தொறந்தே இருக்கு, மூச்சு இருக்கிற வரைக்கும் நீட்டலாம். அதனால கடைசி எழுத்து ஆ, ஏ, ஓ இப்படி நெடிலா இருக்கணும்னு வச்சுக்கிட்டோம், சாமியைக் கூப்பிடுற சொல்லா இருந்தா அது தானாவே வந்துடும்: தாயே, முருகா.

அடுத்தது மூச்சு. மார்கழியில, பனியில, எங்க பெரியவங்களுக்கு நெஞ்சு இறுகிக்கும், நீளமா வரி சொன்னா பாதியில இருமல் வந்துடும். அதனால மூத்த பாட்டி ஒரே மூச்சுல, அவசரமில்லாமச் சொல்லணும். கடைசிக் குட்டி அர்த்தம் கேக்காமச் சொல்லணும். இந்த ரெண்டு பேரும் ஓகே சொன்னா நடுவுல இருக்கிற எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கும். அந்தக் குட்டிக்குப் புரியலேன்னு "பரவசம்"கிற சொல் போச்சு.

எங்க வரி இப்படி உருவாச்சு. "எல்லாரும் சேர்ந்து பாடுகிறோம் அம்மா நீ வந்து அருள்வாய்"னு ஒரு அக்கா சொன்னாங்க. அர்த்தம் இதுதான் வேணும், ஆனா நீளம். "எல்லாரும் சேர்ந்து" என்கிறதை "ஒன்றாய்"னு சுருக்கினோம். அப்போ ஒ-ல தொடங்குது, அதுக்கு மோனையா ரெண்டாம் பாதியும் ஒ, ஓ-ல தொடங்கினா ஞாபகம் நிக்கும்னு "வந்து அருள்வாய்" போயி "ஓடிவா" வந்துச்சு. கடைசில தாயே. ஆக:

ஒன்றாய்ப் பாடினோம், ஓடிவா தாயே!

மெய்யெழுத்தை விட்டுட்டு எண்ணிப் பாருங்க, முதல் பாதி அஞ்சு, ரெண்டாம் பாதி அஞ்சு. ஆதி தாளத்துல எட்டு எண்ணிக்கைல நாலு நாலா ரெண்டு பாதியும் அழகா உக்காருது, ஜால்ரா போடுற அண்ணன் தனியாப் பழகவே வேண்டியிருக்கல. பாடி முடிச்சுட்டுச் சொல்றதால "பாடினோம்"னு வச்சோம், நீங்க தொடக்கத்துல சொல்றதா இருந்தா "பாடுவோம்"னு மாத்திக்கலாம், எண்ணிக்கை மாறாது.

ஒரு சிக்கல் பாக்கி இருந்துச்சு. ஐயப்பன் பாட்டு பாடின அன்னிக்கு தாயேன்னு முடிக்கிறதா? இங்க அந்த அஞ்சு எண்ணிக்கை கை கொடுத்துச்சு. தாயே இருக்கிற இடத்துல ரெண்டு எழுத்து ஓசையுள்ள எந்த விளியும் உக்காரும்: கந்தா, ஐயா, கண்ணா. முருகாவுக்கு ஒரு ஓசை கூட, ஆனா மு, ரு ரெண்டும் குறில்ங்கிறதால தாளம் இடிக்கல. எழுதி வைக்கிறது தாயே மட்டும்தான், அது எங்க கோயில் அம்மன். போற இடத்துல அந்தக் கோயில் சாமிக்கு ஏத்த மாதிரி கடைசிச் சொல்லை அன்னிக்கு முதல் பாதி சொல்றவங்க முன்கூட்டியே சொல்லிடணும், இல்லேன்னா பாதிப் பேர் தாயே, பாதிப் பேர் கந்தான்னு குழம்பும். அது எங்களுக்கு ஒரு தடவை நடந்துச்சு, அதுக்கப்புறம்தான் இந்த விதி.

வரியைப் பேனர்ல பேருக்குக் கீழ சின்னதா எழுதினா போதும். நோட்டு முதல் பக்கத்துல பேர், அதோட ஆங்கில எழுத்து, வரி, மாத்தக்கூடிய விளிச்சொற்கள் நாலும், மாத்தணும்னா எல்லா வயசுல இருந்தும் ஆள் இருக்கிற கூட்டத்துலதான் மாத்தணும்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அந்த 7 வயசுக் குட்டியும் பென்சில்ல போட்டிருக்கா. இந்த வாரம் முதல் பாதி அவதான் சொல்லணும், ரெண்டாம் பாதி பாட்டிங்க.